மூன்று துளை, மூன்று எண்



திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். வாஷிங் மெஷினைத் தொட்டால் விரல் நுனியில் சுருக்கென்று இருக்கிறதாம், ஈரக்கையோடு தொட்டால் இன்னும் அதிகமாம். மெக்கானிக் வந்து பார்த்து, மெஷினில் கோளாறு எதுவும் இல்லை என்றார். எலக்ட்ரீஷியன் வந்து பிளக் பாயின்ட்டின் மேல் துளையில் டெஸ்டரை விட்டுப் பார்த்தார். விளக்கு எரியவில்லை. "எர்த் நல்லா இருக்கும்மா, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதை நம்பலாமா என்று கேட்கிறார் வாசகி.

நம்பக் கூடாது. நம் வீடுகளில் மிகப் பரவலாக இருக்கும் தவறான சோதனை இதுதான் என்பதால், இந்த மாதம் இந்தப் பக்கத்தை அதற்கே தருகிறேன்.

டெஸ்டருக்குள் இருக்கும் சின்ன நியான் விளக்கு, முனையில் போதுமான வோல்டேஜ் இருந்தால் எரியும். எர்த் சரியாக இருந்தால் மேல் துளையில் வோல்டேஜ் இருக்காது, விளக்கும் எரியாது. ஆனால் அந்தத் துளைக்குப் பின்னால் கம்பியே இல்லாவிட்டாலும், இருக்கும் கம்பி பாதி வழியில் அறுந்து தொங்கினாலும் அப்போதும் விளக்கு எரியாது. நல்ல எர்த்தையும் இல்லாத எர்த்தையும் டெஸ்டரால் பிரித்துச் சொல்ல முடியாது. ஃபேஸ் எந்தத் துளையில் இருக்கிறது என்று காட்டுவதுதான் அதன் வேலை. பெரிய துளை மேலே இருக்க, பிளக் பாயின்ட்டை நேராகப் பார்த்தால் வலது துளையில் மட்டும் எரிய வேண்டும். இடதில் எரிந்தால் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றன. மேல் துளையில் எரிந்தாலோ, உடனே மெயினை அணைத்துவிட்டு ஆள் கூப்பிட வேண்டும்.

எர்த் இருக்கிறதா என்று அறிய மல்டிமீட்டர் வேண்டும். அதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. சிவப்பு வயர் V என்று எழுதிய துளையில் இருக்க வேண்டும். 10A என்று எழுதிய துளையில் இருந்தால் மீட்டர் நேரடி ஷார்ட் ஆகிவிடும். குமிழை ஏ.சி. வோல்ட்டில், 600 அல்லது 750 என்ற அளவில் வைக்க வேண்டும். கரண்ட் உள்ள பாயின்ட்டில் ஓம் அளவைப் பயன்படுத்தவே கூடாது. காய்ந்த கை, காலில் செருப்பு, முனையின் காப்புக்குப் பின்னால் விரல்கள், இவ்வளவும் சரியாக இருந்தால் சுவிட்சைப் போட்டு அளக்கலாம். முனைகள் மெல்லியவை என்பதால், துளைக்குள் இருக்கும் பித்தளையில் சற்றே சாய்த்து அழுத்துங்கள். சரியாகப் படாமல் போனால் நல்ல எர்த்தும் இல்லாததுபோல் காட்டும்.

ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே என்று மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல பாயின்ட்டில் முதலிரண்டும் ஏறத்தாழ ஒன்றாக, 230ஐ ஒட்டி இருக்கும். மூன்றாவது, பூஜ்யத்துக்கும் சில வோல்ட்டுக்கும் இடையில் நிற்கும்.

வாசகியின் மகன் அளந்து அனுப்பிய எண்கள் 231, 96, 41. எர்த் கம்பி எங்கும் சேராமல் தொங்குகிறது என்று இதற்குப் பொருள். பக்கத்தில் ஓடும் ஃபேஸ் கம்பியிலிருந்து அதில் லேசாக ஏறிய வோல்டேஜைத்தான் மீட்டர் காட்டுகிறது. இப்போது மெஷின் சுருக்கென்று கடிப்பதற்கும் விடை கிடைத்துவிட்டது. இத்தகைய மெஷின்களில் கரண்ட் நுழையும் இடத்தில் ஒரு ஃபில்டர் இருக்கும். அதிலுள்ள சிறு கெபாசிட்டர்கள் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பாடிக்கு இணைக்கப்பட்டிருக்கும். அவற்றின் வழியே வரும் துளிக் கரண்ட் பச்சைக் கம்பியில் இறங்கிப் போக வேண்டியது. பச்சைக் கம்பிக்கு முடிவிடம் இல்லாததால் பாடி நூறு வோல்ட்டுக்கு மேல் ஏறி நிற்கிறது. மெக்கானிக் சொன்னது சரி, மெஷினில் கோளாறு இல்லைதான். ஆனால் உள்ளே நிஜமாகவே ஒரு ஃபேஸ் கம்பி பாடியில் பட்டால், அந்த வீட்டில் அதைத் தடுக்க எதுவும் இல்லை.

எலக்ட்ரீஷியன் மறுபடி வந்தார். பத்து நிமிடத்தில் சரி செய்துவிட்டாராம். புதிய எண்கள் 231, 231, 0.0. வாசகி நிம்மதியாக எழுதியிருந்தார், எனக்கோ அந்த 0.0 உறுத்தியது. அதே போர்டில் இன்னொரு பாயின்ட்டில் அயர்ன் பாக்ஸைச் செருகி, அது சூடேறிக்கொண்டிருக்கும்போது மூன்றாவது எண்ணை மறுபடி பார்க்கச் சொன்னேன். 1000 வாட் அயர்ன் பாக்ஸ் நாலரை ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அந்தக் கரண்ட் நியூட்ரல் கம்பியில் திரும்பும்போது, கம்பியின் நீளத்தைப் பொறுத்து ஒரு வோல்ட்டை ஒட்டி அதில் இழப்பு ஏற்படும். எர்த் கம்பியில் கரண்ட் ஓடாததால் அங்கே இழப்பு இல்லை. ஆகவே நிஜ எர்த்தாக இருந்தால் அந்த எண் ஏற வேண்டும். அங்கே அது 0.0 என்றே நின்றது. போர்டுக்குள் நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு வயரை எடுத்து எர்த் துளையில் மாட்டியிருக்கிறார்கள்!

இது எர்த் இல்லாததைவிட மோசம். எங்காவது அந்த நியூட்ரல் கம்பி கழன்றால், மெஷினுக்குள் சென்ற ஃபேஸ் அதன் சுருள்கள் வழியாக நியூட்ரலுக்கு வந்து, அந்தத் துண்டு வயர் வழியே பாடியில் ஏறிவிடும். 230 வோல்ட், ஈரத்தரையில் நிற்கும் ஒரு பெண்ணின் கைக்கு எட்டும் தூரத்தில். அன்றே எடுக்கச் சொல்லிவிட்டேன். பிறகு வேறொரு எலக்ட்ரீஷியன் தேடிப் பார்த்ததில், மாடி கட்டியபோது இழுத்த பச்சைக் கம்பி கீழே மெயின் போர்டுவரை வந்து, எதிலும் சேர்க்கப்படாமல் சுருட்டி விடப்பட்டிருந்தது. அதை எர்த் குழியிலிருந்து வரும் கம்பியோடு சேர்த்தார். இப்போதைய எண்கள் 230, 229, 0.4. அயர்ன் பாக்ஸ் போட்டால் கடைசி எண் 1.2க்கு ஏறுகிறது.

மல்டிமீட்டருக்கும் ஓர் எல்லை உண்டு. அது இழுக்கும் கரண்ட் மிக மிகச் சிறியது. அதனால் காய்ந்துபோன, துருப்பிடித்த எர்த் குழி 100 ஓம் தடையோடு இருந்தாலும் 229 என்றே காட்டும். நிஜமாக ஃபேஸ் பாடியில் பட்டால் அந்த 100 ஓம் வழியே ஓடுவது 2.3 ஆம்பியர் மட்டுமே. 16 ஆம்பியர் எம்.சி.பி. அதைக் கண்டுகொள்ளாது, பாடியில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். குழியின் தடையை எர்த் டெஸ்டர் என்ற தனிக் கருவியால்தான் அளக்க முடியும். அதற்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடும்போது மண் காய்ந்திருக்கும் மே மாதத்தில் கூப்பிடுங்கள், மழைக்காலத்தில் எந்தக் குழியும் நல்ல பெயர் வாங்கிவிடும்.

30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கும் வீட்டில் அதே 2.3 ஆம்பியர் கசிவே அதைத் தட்டிவிடப் போதும். ஆனால் அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்துவிட்டு எர்த் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். அந்தப் பட்டன் ஃபேஸையும் நியூட்ரலையும் மட்டுமே பயன்படுத்துகிறது. எர்த்தே இல்லாத வீட்டிலும் அது தட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்