கழுத்தில் நெறி கட்டினால்...

கிழக்கு மாகாணத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கங்களில் கடிதம் எழுதியிருக்கிறார். மூன்றரைப் பக்கம் அவருடைய எட்டு வயது மகளைப் பற்றியது. பிள்ளைக்குச் சனிக்கிழமை காய்ச்சலும் தொண்டை நோவும். இருமலோ சளியோ இல்லை. திங்கட்கிழமை காலையில் தலை வாரும்போது பார்த்தால், வலது காதுக்குக் கீழே, தாடை முடியும் இடத்தில் பாக்கு அளவில் ஒரு கட்டி. தொட்டாலே பிள்ளை கத்துகிறாள். டிஸ்பென்சரியில் அமொக்சிசிலின் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் மருந்தை நிறுத்திவிட்டார்கள். இப்போது பன்னிரண்டு நாளாகிறது. நோவு இல்லை, ஆனால் கட்டி இன்னும் கையில் தட்டுப்படுகிறது. "இது புற்றுநோயாக இருக்குமோ என்று இரவில் தூக்கமில்லை" என்று எழுதியிருக்கிறார்.

கடைசி அரைப் பக்கத்தில், போகிற போக்கில், இன்னொரு செய்தி. மாமிக்கும் தாடைக்குக் கீழே இரண்டு மாதமாகப் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி இருக்கிறதாம். "ஆனால் அதில் நோவு கிடையாது, ஆகவே அதைப் பற்றிப் பயமில்லை."

எனக்குக் கவலை தந்தது அந்தக் கடைசி வரிதான். ஏன் என்பதைச் சொல்வதற்கு முன் பிள்ளையின் கட்டியைப் பார்ப்போம்.

நம் கழுத்தின் இரு பக்கத்திலும் நிணநீர்க் கணுக்கள் கோத்த மணிகள் போல வரிசையாக இருக்கின்றன. தொண்டையிலும் வாயிலும் தலைத்தோலிலும் ஊறும் நிணநீர் இவற்றின் வழியாக வடிந்துதான் மீண்டும் இரத்தத்தில் சேர்கிறது. தொண்டையில் கிருமி தொற்றினால் அந்தக் கிருமியின் துணுக்குகள் இங்கே வந்து சேரும். உடனே கணுவுக்குள் இருக்கும் வெள்ளைக் கலங்கள் வேகமாகப் பெருகுகின்றன. கணுவைச் சுற்றி ஓர் உறை உண்டு. உள்ளே திடீரெனப் பெருத்ததும் அந்த உறை இழுபடுகிறது. நோவு அதனால்தான். இதைத்தான் நம் பெரியவர்கள் "நெறி கட்டியிருக்கு" என்பார்கள். டொன்சிலுக்குரிய கணு சரியாகத் தாடையின் மூலைக்குக் கீழே இருப்பதால், தொண்டை நோவோடு வரும் நெறி பெரும்பாலும் அங்கேதான் கட்டும். பின்கழுத்தில் கட்டினால் பிள்ளையின் தலைத்தோலைப் பாருங்கள். பேன் கடித்துச் சொறிந்த புண்ணே பல வேளைகளில் காரணமாயிருக்கும்.

ஆகவே அந்தப் பிள்ளையின் கட்டி வேலை செய்துகொண்டிருந்த ஒரு கணு. இரண்டு மூன்று நாளில் திடீரென வந்தது, தொட்டால் நொந்தது, தொண்டை நோவோடு சேர்ந்து வந்தது, இப்போது நோவு போய்ச் சிறுத்துவருகிறது. எல்லாம் நல்ல அடையாளங்களே. கட்டி ஏன் இன்னும் போகவில்லை என்றால், பெருகிய கலங்கள் கலைந்துபோக நாளெடுக்கும். தொண்டை ஒரு வாரத்தில் ஆறினாலும் கணு சுருங்க மூன்று, நான்கு வாரங்கள் ஆகலாம். சில பிள்ளைகளில் பயறளவு, கடலையளவில் மாதக்கணக்காகத் தட்டுப்பட்டுக்கொண்டே இருக்கும். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் கழுத்தில் ஒரு சென்ரிமீற்றர் வரையான சிறு கணுக்கள் தட்டுப்படுவது சாதாரணம்.

தடவிப் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. பிள்ளையை உட்காரவைத்து, தலையைக் கட்டியிருக்கும் பக்கமாகச் சற்றுச் சாய்த்தால் கழுத்துத் தசை தளரும். மூன்று விரல்களின் நுனிச் சதையால் மெதுவாக வட்டமாகத் தடவுங்கள். மற்றப் பக்கத்தையும் பாருங்கள். தோலுக்கடியில் வழுக்கி நகர்கிறதா, மிருதுவாக இருக்கிறதா என்பதே முக்கியம். வாரத்துக்கொரு தடவை போதும். பயத்தில் நாளுக்குப் பத்துத் தடவை அழுத்தினால் நோவு ஆறாது, அளவும் பிடிபடாது. எண்ணெய் பூசி உருவுவது, சுண்ணாம்புப் பற்றுப் போடுவது எதுவும் வேண்டாம். தோல் வெந்துபோகும், சீழ் வைத்துச் சிவந்தாலும் தெரியாமல் மறைத்துவிடும். நோவுக்குப் பரசிட்டமோல் போதும். இருபது கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 500 மில்லிகிராம் குளிசையில் பாதி, ஆறு மணித்தியாலத்துக்கொரு தடவை, நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். அஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது.

மருந்தைப் பாதியில் நிறுத்தியதைப் பற்றி ஒரு வார்த்தை. தொண்டை நோவில் பெரும் பங்கு வைரசினால் வருவது. மூக்கு வடியும், இருமல் இருக்கும், குரல் கம்மும். அதற்கு அன்டிபயோட்டிக் தேவையில்லை. ஆனால் இருமலில்லாமல் திடீர்க் காய்ச்சல், டொன்சிலில் வெண்புள்ளிகள், கழுத்தின் முன்பக்கத்தில் நோகும் நெறி என எல்லாம் சேர்ந்தால் வைத்தியர்கள் ஸ்ட்ரெப்டொகொக்கஸ் என்ற கிருமியைச் சந்தேகிப்பார்கள். ஐந்திலிருந்து பதினைந்து வயது வரையான பிள்ளைகளில் அது சரியாக மாறாவிட்டால் சில வாரங்கள் கழித்து மூட்டு வாதக் காய்ச்சலாகி இதயத்தின் வால்வுகளைக் கெடுக்கக்கூடும். அதனால்தான் பெனிசிலின் வகை மருந்தை வழமையாகப் பத்து நாளைக்குக் கொடுக்கிறார்கள். காய்ச்சல் விட்டுவிட்டதே என்று மூன்றாம் நாள் நிறுத்தினால் அந்தக் காப்புக் கிடைக்காது. அந்தச் சகோதரி மகளை மீண்டும் வைத்தியரிடம் காட்டி, மூன்று நாள் மருந்து மட்டுமே கொடுத்ததைச் சொல்ல வேண்டும். புற்றுநோயைப் பற்றிய பயத்தைவிட இந்தப் பயணம்தான் அவசியமானது.

நோவுள்ள கட்டியிலும் பொறுத்திருக்கக் கூடாத சில உண்டு. கட்டியின் மேல் தோல் சிவந்து சூடாகி, அழுத்தினால் நடுவில் தண்ணீர்ப் பை போலத் தளும்பினால் உள்ளே சீழ் பிடித்துவிட்டது. அதை ஆஸ்பத்திரியில் எடுக்க வேண்டும், வீட்டில் ஊசியால் குத்தக் கூடாது. பிள்ளை எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழியவிட்டால், வாயைத் திறக்க முடியாவிட்டால், வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசுவது போலக் குரல் மாறினால், கழுத்தைத் திருப்ப மறுத்தால், மூச்சு இரைந்தால் விடியும் வரை காத்திராதீர்கள். இரவென்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கூகைக்கட்டையும் நெறியையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். கூகைக்கட்டு உமிழ்நீர்ச் சுரப்பியின் வீக்கம். காதுமடலுக்குக் கீழிருக்கும் பள்ளமே நிரம்பி, மடல் வெளியே தள்ளி நிற்கும், தாடை மூலை கையில் அகப்படாது. நெறியில் தாடை எலும்பு தெளிவாகத் தட்டுப்படும், அதற்குக் கீழேதான் கட்டி இருக்கும். நோன்பு திறக்கும்போது தேசிக்காய்த் தண்ணீர் ஒரு மிடறு குடித்ததும் தாடைக்குக் கீழே வீங்கி நொந்து, சற்று நேரத்தில் வற்றிவிடுகிறதா? அது உமிழ்நீர்க் குழாயில் கல் இருப்பதன் அடையாளமாகலாம். அது வேறு கதை.

இப்போது மாமியின் கட்டிக்கு வருவோம். நோவில்லாததால் பயமில்லை என்ற எண்ணம் நம் வீடுகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கழுத்துக் கட்டியைப் பொறுத்தவரை உண்மை பெரும்பாலும் இதற்கு எதிர்ப்பக்கம். கிருமியை எதிர்க்கும் கணு சட்டென்று பெருப்பதால் நோகிறது. புற்றுநோய்க் கலங்கள் குடியேறிய கணுவோ வாரக்கணக்கில் மெல்ல மெல்ல வளர்வதால் உறை நோகாமலே இடம் கொடுக்கிறது. காய்ச்சலோ தொண்டை நோவோ பல் நோவோ இல்லாமல் வந்த கட்டி, கல்லுப் போல இறுகிய கட்டி, அசைத்தால் நகராமல் அடியோடு ஒட்டியிருக்கும் கட்டி, மூன்று வாரமாகியும் சிறுக்காத கட்டி, இவை நாற்பது வயதைக் கடந்தவரிடம் கண்டால் அன்றே புறப்பட வேண்டும். காறை எலும்புக்கு மேலிருக்கும் பள்ளத்தில் கட்டி தோன்றினால் வயதைப் பார்க்கவே வேண்டாம். நெஞ்சிலோ வயிற்றிலோ இருக்கும் நோய் அங்கே தலைகாட்டலாம்.

மாமி வெற்றிலை போடுபவரா என்று அந்தச் சகோதரி எழுதவில்லை. போடுபவரானால் அவருடைய வாயை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நம் நாட்டு ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். பெண்களும் தப்பவில்லை. பாக்கும் புகையிலையும் ஒதுக்கி வைக்கும் கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி ஆகிய இடங்களில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, மூன்று வாரமாக ஆறாத புண், காரம் பட்டால் எரிவு, வாய் முன்போல விரியாமை ஆகியவற்றைத் தேடுங்கள். புண் நோகாமலே இருந்து, கழுத்துக் கட்டிதான் முதலில் கண்ணுக்குத் தெரிவதுண்டு. குரல் மாறியிருந்தாலோ ஒரு காது மட்டும் நொந்தாலோ தொண்டையையும் பார்க்க வேண்டியிருக்கும். ஆகவே மாமியைக் காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடமோ, அரசாங்க ஆஸ்பத்திரியின் வாய் மற்றும் முகச் சத்திர சிகிச்சைப் பிரிவிலோ காட்டுங்கள். "கட்டியை மட்டும் வெட்டி எடுத்துவிடலாம்" என்று யாராவது அவசரப்பட்டால் இணங்காதீர்கள். வாயையும் தொண்டையையும் முழுதாகப் பார்த்த பிறகுதான் வெட்டுவதைப் பற்றிப் பேச வேண்டும். மூலம் எங்கேயென்று தெரியாமல் கட்டியை வெட்டினால் பின்னர் செய்யும் சிகிச்சை சிக்கலாகிவிடும். இன்னொரு அன்டிபயோட்டிக், பிறகு இன்னொன்று என்று மாதம் கடத்துவதும் கூடாது.

நோவில்லாத எல்லாக் கட்டியும் புற்றுநோய் என்று நான் சொல்லவில்லை. நம் பக்கத்தில் காசநோயும் கழுத்தில்தான் அடிக்கடி வெளிப்படும். முன்பு கண்டமாலை என்று சொன்னதும் இதுதான். இளம் பெண்களில் இரண்டு மூன்று கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்து, பின்னர் மெதுவாக இளகி, சிலவேளை வெடித்து வடியும். மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, இரவு வியர்வை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இதே வியர்வையும் மெலிவும் நிணநீர்ப் புற்றுநோயிலும் வருவதால் கையால் தடவி மட்டும் பிரித்தறிய முடியாது. கலியாணம் பேசுகிற பிள்ளை என்று சொல்லி முக்காட்டுக்குள் கட்டியை மறைத்துவைக்கும் தாய்மார் இருக்கிறார்கள். நெஞ்சில் நோய் இல்லாமல் கழுத்துக் கணுவில் மட்டும் இருக்கும் காசநோய் பொதுவாக மற்றவருக்குத் தொற்றுவதில்லை. மாவட்ட மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் குளிசைகளை ஆறு மாதம் விடாமல் எடுத்தால் குணமாகும். மறைத்துவைத்து வெடித்த பிறகு மிஞ்சும் தழும்புதான் மாறாது. சிகிச்சையின் நடுவில் கட்டி கொஞ்சம் பெருப்பதும் உண்டு. அதைக் கண்டு மருந்தை நிறுத்தாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

எது எதுவென்று அறிய முதலில் செய்வது ஸ்கேனும் ஊசிப் பரிசோதனையும்தான். இரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லிய ஊசியைக் கட்டியில் செலுத்திச் சில கலங்களை உறிஞ்சி எடுத்துக் கண்ணாடித் தட்டில் பூசிப் பார்ப்பார்கள். சில நிமிட வேலை. படுத்துக்கொண்டே செய்துவிட்டு அன்றே வீடு திரும்பலாம். "ஊசி பட்டால் புற்று பரவும்" என்ற பேச்சு வீடு வீடாகச் சுற்றுகிறது. இந்த மெல்லிய ஊசியால் கழுத்துக் கட்டியிலிருந்து நோய் பரவுவதில்லை. போகும்போது கட்டி எந்தத் திகதியில் கண்ணில் பட்டது, அன்று எந்த அளவு, இன்று எந்த அளவு, இதுவரை குடித்த மருந்துகள் எவை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வைத்தியர் முதலில் கேட்பதும் அதைத்தான்.