கரிசலில் செல்லாத ஸ்ப்ரே

ஐப்பசி மழைக்கு முன்னால் கேன்வாஸ், ஸ்வேட் ஷூக்களுக்கு நீர்விலக்கு ஸ்ப்ரே அடிப்பவர்கள், தாமரை இலைத் தண்ணீர்போல உருளும் துளியைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். அந்தத் துளி பொய்யில்லை. ஸ்ப்ரே இழைகளின்மேல் மெல்லிய பூச்சாகப் படிவதால் தண்ணீர் ஊறாமல் திரண்டு ஓடுகிறது. ஆனால் இழைகளுக்கு நடுவிலுள்ள துளைகள் அடைபடுவதில்லை. தூறலுக்குத் தாங்கும், தேங்கிய தண்ணீரில் அழுத்தி மிதித்தால் உள்ளே இறங்கிவிடும். அடிப்பாகம் வாய் பிளந்திருந்தால் எத்தனை டப்பா அடித்தும் பயனில்லை, தைப்பவரிடம்தான் போக வேண்டும்.

கோவில்பட்டிக் கரிசல் இன்னும் பொல்லாதது. நனைந்தால் உப்பி, ஷூவோடு அப்பிக்கொள்ளும். நடக்க நடக்க அந்தச் சேறு உரசியே பூச்சைத் தின்றுவிடும். அந்தச் சேற்றை ஈரத்தோடு துடைப்பதுதான் பெரிய தப்பு. நுண்ணிய களிமண் ஸ்வேட்டின் மயிரிழைகளுக்குள் புகுந்துவிடும். நிழலில் நன்றாகக் காயவிட்டு, தட்டி உதிர்த்து, பிறகு பிரஷ் போடுங்கள். ஏறிய கறைமேல் ஸ்ப்ரே அடித்தால் கறை போகாது.

அடிப்பதென்றால் சுத்தமான, காய்ந்த ஷூவில், ஒரு சாண் தள்ளி, லேசாக இரண்டு முறை. மொட்டைமாடியில் அடியுங்கள், அடைத்த அறையில் அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது. மறுநாள் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். உருண்டால் சரி, கறுத்து ஊறினால் மறுபடி அடிக்க வேண்டும். மழைக்குப்பின் கரிசக்காட்டில் இறங்குகிறவர்கள் மட்டும் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.