ரவுட்டரின் கதவு பூட்டியே வர வேண்டும்



சீசீடீவி பூட்ட வருபவர்கள் சிலர், போனில் படம் வரவில்லை என்றதும் ரவுட்டரின் ஃபயர்வோலை நிறுத்திவிட்டுப் போகிறார்கள். கேட்டால், "இத்தனை வருஷம் இது இல்லாமல் என்ன நடந்தது?" என்கிறார்கள். அந்தப் பதில் பழைய முகவரி முறைக்குத்தான் பொருந்தும்.

பழைய ஐபிவி4 முறையில் வெளியே தெரிவது ரவுட்டரின் ஒரே முகவரி. வெளியிலிருந்து யாராவது தானாக வந்து தட்டினால், உள்ளே எந்தக் கருவிக்கு அனுப்புவது என்று ரவுட்டருக்குத் தெரியாது, கைவிட்டுவிடும். முகவரிப் பஞ்சத்துக்காக வந்த அந்த ஏற்பாடு, சுவராகவும் நின்றது. ஐபிவி6 இல் கெமராவுக்கும் பிரிண்டருக்கும் தனித்தனிப் பொது முகவரி. ரவுட்டர் தடுக்காவிட்டால், உலகத்தில் எவரும் நேரே கெமராவின் வாசலுக்கு வரலாம். போனும் கணினியும் ஓரளவு தம்மைக் காத்துக்கொள்ளும். வருடக்கணக்கில் அப்டேட் காணாத மலிவுக் கெமரா என்ன செய்யும்?

"இத்தனை கோடி முகவரிகளில் நம்ம கெமராவை எவன் கண்டுபிடிப்பான்?" என்பார்கள். ஒவ்வொன்றாகத் தேடினால் முடியாதுதான். ஆனால் கருவியே போய்த் தன் முகவரியைச் சொல்கிறது. 2016 இல் ஷோடான் என்ற தேடுதளம், கருவிகள் நேரம் கேட்கும் பொதுச் சேவைக்குள் தன் சேர்வர்களையும் சேர்த்தது. நேரம் கேட்டு வந்த கருவிகளின் ஐபிவி6 முகவரிகளைக் குறித்துக்கொண்டு, திரும்பிப் போய் அவற்றின் கதவுகளைத் தட்டிப் பார்த்தது.

"அடைத்தால் வாட்ஸ்அப் ஓடாது" என்பதும் பிழை. நாம் உள்ளிருந்து தொடங்கியதை ரவுட்டர் நினைவில் வைத்து, அதற்கான பதிலை உள்ளே விடும். அழையாமல் வருவது மட்டும் நிற்கும். கெமரா அப்புகளில் பெரும்பாலானவையும் உள்ளிருந்தே தொடர்பைத் தொடங்குவதால் ஓடும். உண்மையிலேயே தேவை என்றால் அந்தக் கருவிக்கு ஒரு போர்ட்டை மட்டும் திறக்கலாம். ஒரு ஜன்னலுக்காக முழு வீட்டையும் திறந்து போடுவதா? ஆனால் ஐசிஎம்பிவி6 ஐ முழுதாக அடைக்க வேண்டாம். சில பக்கங்கள் பாதியில் நின்றுவிடும்.

சோதிப்பது இலகு. கெமராவின் முகவரிகளில் 2 அல்லது 3 இல் தொடங்குவதை எடுங்கள். `fe80` என்று தொடங்குவது வீட்டுக்குள் மட்டும்தான். வீட்டு வைஃபையில் இப்படித் திறந்து பாருங்கள்:

```
http://[2001:db8:12:34::50]/
```

லொகின் பக்கம் வந்தால், வைஃபையை நிறுத்திவிட்டு, ஐபிவி6 உள்ள மொபைல் டேட்டாவில் மீண்டும் திறவுங்கள். அப்போதும் வந்தால் உங்கள் வீடு திறந்திருக்கிறது. ரவுட்டரில் `IPv6 Firewall` ஐ இயக்குங்கள். கெமராவின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். உள்ளிருந்தோ கம்பனியின் சேர்வர் வழியாகவோ வருபவனை ஃபயர்வோல் தடுக்காது.

அனுமதியில்லாமல் அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். இந்த செட்டிங்கை உம்மாவோ வாப்பாவோ தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அநியாயம். ரவுட்டரைத் தருபவர் பூட்டித் தரட்டும். திறக்கத் தெரிந்தவர் திறந்துகொள்ளட்டும்.