இறங்கினாரா, இறந்தாரா?

விரல் தவறி ஏற்படும் பிழைகளில் பெரும்பாலானவற்றால் யாருக்கும் தீங்கில்லை. "naalaiku" என்று அடிக்க நினைத்து "naalsiku" என்று அனுப்பிவிட்டால், படிப்பவர் ஒரு கணம் நின்று, பிறகு தாமே திருத்திப் படித்துக்கொள்வார். கைப்பேசி முந்திக்கொண்டு அந்தப் பிழையை "திருத்தி", அதே இடத்தில் வேறொரு நல்ல சொல்லை வைத்துவிடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. சொல் சரியாக இருக்கிறது, வாக்கியமும் சரியாக இருக்கிறது, ஆனால் செய்தி மட்டும் வேறு. படிப்பவருக்குச் சந்தேகம் எழவே வழியில்லை.

2012ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நடந்ததைப் பலர் செய்தியாகப் படித்திருக்கலாம். இன்று வெஸ்ட் ஹாலில் இருப்பேன் என்று நண்பருக்குச் சொல்ல வந்த ஒருவர் "gunna be at west hall today" என்று அடித்தார். "gunna" என்பது பேச்சு வழக்கு. கைப்பேசியின் சொற்பட்டியலில் அது இல்லை. கைப்பேசி அதை "gunman" என்று மாற்றியது. துப்பாக்கிக்காரன் இன்று வெஸ்ட் ஹாலில் இருப்பான் என்று செய்தி போய்ச் சேர்ந்தது. போதாக்குறைக்கு எண்ணும் தவறிவிட்டதால், அது முன்பின் தெரியாத ஒருவரிடம் போனது. அவர் காவல் துறையிடம் சொன்னார். வெஸ்ட் ஹால் என்ற பெயருடைய நடுநிலைப் பள்ளியும் உயர்நிலைப் பள்ளியும் பூட்டப்பட்டன. அனுப்பியவரைத் தேடிப் பிடித்த பிறகுதான் உண்மை தெரிந்தது.

அந்த அறிமுகமில்லாதவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தமக்கு வந்த வரியைத்தான் அவர் படித்தார். "gunna" என்று எழுத்துப்படியே வந்திருந்தால், ஏதோ ஓர் இளைஞர் எண் மாற்றி அனுப்பிவிட்டார் என்று அழித்திருப்பார். தடயம் அந்தக் கொச்சைச் சொல்லில்தான் இருந்தது. அதைக் கைப்பேசி அழித்துவிட்டது.

எங்கோ அமெரிக்காவில் நடந்த கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் மாணவர்கள் தமிழை ரோமன் எழுத்தில் அடிக்கும் பழக்கத்தில், இந்த ஆபத்து அவர்களைவிட நமக்குத்தான் அதிகம் என்பது என் கருத்து. தாப்பாவை வைத்தே ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இது நடந்த சம்பவம் இல்லை. விசைப்பலகையைப் பார்த்துத் தாளில் போட்ட கணக்கு. உங்கள் கைப்பேசியை எதிரே வைத்துக்கொண்டு படித்தால் எளிதாக விளங்கும்.

கோலாலம்பூரில் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தாத்தா இரயிலில் ஊர் திரும்புகிறார். கூட வரும் பேத்தி, குடும்பப் புலனக் குழுவுக்கு ஒரு வரி அனுப்ப வேண்டும்: தாத்தா தாப்பா ரோட்டில் இறங்கிட்டார். பேராக்கில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தாப்பா ரோடு என்பது ஒரு சாலையின் பெயர் மட்டுமன்று. அது தாப்பா பட்டணத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, இரயில் நிலையத்தைச் சுற்றி இருக்கும் தனி ஊர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேத்தி அடிக்க வேண்டிய சொல் "irangittar". ஒரு கையில் பை, மறு கையில் கைப்பேசி. கட்டைவிரல் சற்று இடப்பக்கம் நகர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். g எழுத்துக்கு இடப்பக்கம் இருப்பது f. i எழுத்துக்கு இடப்பக்கம் இருப்பது u. ஆகவே திரையில் விழுவது "iranfuttar". அப்படி ஒரு சொல் எந்த மொழியிலும் இல்லை. இப்போது திருத்தி வேலையைத் தொடங்குகிறது.

பிழை திருத்திகளின் அடிப்படைக் கணக்கு பழையது. அடித்த சொல்லிலிருந்து எத்தனை எழுத்தை மாற்றினால், சேர்த்தால், நீக்கினால், இடம் மாற்றினால் பட்டியலில் உள்ள ஒரு சொல் கிடைக்கும் என்று அது எண்ணிப் பார்க்கும். தவறுகளில் ஏறக்குறைய நூற்றுக்கு எண்பது இப்படி ஒரே ஒரு மாற்றத்தில் சரியாகிவிடுபவை என்று ஃபிரெட் டேமரோ என்பவர் 1964இல் எழுதினார். ஆகவே குறைந்த மாற்றம் உள்ள சொல்லுக்கே முதலிடம் கிடைக்கும். அந்தக் கணக்கை இங்கே போடுங்கள். "iranfuttar" என்பது "irangittar" ஆக வேண்டுமானால் f, u ஆகிய இரண்டு எழுத்துகளை மாற்ற வேண்டும். "iranduttar" ஆக வேண்டுமானால் f ஒன்றை d ஆக்கினால் போதும். d எழுத்தும் f எழுத்துக்குப் பக்கத்து விசைதான். நம்மில் பலர் "ந்து" என்பதை ndu என்றுதான் அடிக்கிறோம். கைப்பேசி நம் பழக்கத்தைக் கற்றுக்கொண்டு, இந்த எழுத்துக்கூட்டலைப் பட்டியலில் சேர்த்திருந்தால் தீர்ந்தது.

தாத்தா தாப்பா ரோட்டில் இறந்துட்டார்.

இக்காலத் திருத்திகள் வெறும் எழுத்தை மட்டும் எண்ணுவதில்லை, விரல் பட்ட இடத்தையும் பக்கத்துச் சொற்களையும் பார்க்கின்றன என்று கணினித் துறை நண்பர்கள் மறுப்பார்கள். உண்மைதான். ஆனால் இந்த வரியில் அந்த அறிவு உதவுமா என்று பாருங்கள். விரல் f மேல் பட்டிருக்கிறது. G, d இரண்டும் அதிலிருந்து ஒரே தூரம். அடுத்து u மேல் பட்டிருக்கிறது. அது "இறந்து" என்பதற்குத்தான் சரியாகப் பொருந்துகிறது. "irandu" என்பது இரண்டு என்ற எண்ணாகவும் இருக்கலாமே என்றால், பின்னால் "ttar" வருவதால் அந்த வாய்ப்பு போய்விடுகிறது. முன்னால் தாத்தா என்ற சொல் இருக்கிறது. தாத்தா, இறந்து, விட்டார் ஆகிய மூன்றும் சேர்ந்து வருவதைத் தமிழ் படித்த எந்த இயந்திரமும் நிறையவே பார்த்திருக்கும். சூழலைப் பார்க்கப் பார்க்கத் தவறான சொல்லின் பக்கம்தான் தராசு சாய்கிறது.

படிப்பவர் நிலை இன்னும் மோசம். ஒருவர் ஒரு ரோட்டில் இறப்பது நடக்கக்கூடியதே. ஊர்ப் பெயரே சாலைப் பெயர்போல் இருப்பதால் அந்த வரி விபத்துச் செய்தியாகவே ஒலிக்கிறது. பீடோரில் இருக்கும் மகனும் ஈப்போவில் இருக்கும் மருமகளும் அதை எப்படிச் சந்தேகிப்பார்கள்? "iranfuttar" என்றே வந்திருந்தால், இரயில் நேரம் தெரிந்த எவரும் அதை இறங்கிட்டார் என்றே படித்திருப்பார்கள்; விளங்காதவர் "என்னம்மா இது?" என்று கேட்டிருப்பார். நம் மூளையில் இருக்கும் பிழை திருத்தி அந்த வேலையை நன்றாகவே செய்யும். அதற்குப் பிழை கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான்.

சரி, தமிழ் எழுத்திலேயே அடித்தால்? நான் அதைத்தான் சொல்ல வருகிறேன், ஆனால் பலர் மேடையில் சொல்லும் காரணத்துக்காக இல்லை. 1999இல் சென்னையில் நடந்த இணைய மாநாட்டை ஒட்டி உருவான தமிழ் 99 விசைப்பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினத்தில் அது இருக்கிறது. அதில் க இருப்பது h விசையில். த அதற்கு மூன்று விசை தள்ளி, l விசையில். ங கீழ் வரிசையில் b விசையில் இருக்கிறது. ந நடு வரிசையின் வலப்பக்க ஓரத்தில். "ங்கி" என்பது "ந்து" ஆவதற்கு விரல் ஒரு முறை சறுக்கினால் போதாது. ரோமன் எழுத்தில் அண்டை வீட்டுக்காரர்களாக இருந்த இறங்குதலும் இறத்தலும் இங்கே வெகு தூரம் விலகிவிடுகின்றன.

எல்லாப் பிழையும் தீர்ந்தது என்று சொல்லமாட்டேன். அதே விசைப்பலகையில் ள, ற, ன மூன்றும் வரிசையாக y, u, i விசைகளில் இருக்கின்றன. களை, கறை, இரண்டும் சொற்கள். மறை, மனை, இரண்டும் சொற்கள். இவற்றுள் ஒன்று மற்றொன்றாகிவிட்டால் எந்தத் திருத்தியும் சிவப்புக் கோடு போடாது. பட்டியலில் இருக்கும் சொல்லை அது பிழையென்று கருதுவதில்லை. ஆனாலும் சட்டையில் களை படிந்தது என்று படித்தால் நாம் சிரிப்போமே தவிர, மருத்துவமனைக்கு ஓடமாட்டோம்.

ஆங்கிலத்துக்கு மட்டும் அமைத்த கைப்பேசியில் ரோமன் தமிழ் அடிப்பவர்களின் நிலை தனி. அந்தக் கைப்பேசிக்கு நம் ஒவ்வொரு சொல்லும் பிழைதான், மாற்றிக்கொண்டே இருக்கும். தப்பிப்பவை தற்செயலாக ஆங்கிலத்திலும் இருப்பவை: நான் என்று அடித்தால் "naan" ரொட்டி, சரி என்று அடித்தால் "sari" சேலை. இடையில் மலாய்ச் சொல் இரண்டைக் கலந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே நம் கைப்பேசிகளில் தானாக மாற்றும் வசதியை நிறுத்திவிட வேண்டும் என்கிறேன். பரிந்துரை வேறு, மாற்றுதல் வேறு. விசைகளுக்கு மேல் மூன்று சொற்களைக் காட்டி நம்மைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது பரிந்துரை, அது இருக்கட்டும். இடைவெளி விசையைத் தட்டியதும் கேளாமலே சொல்லை மாற்றுவதுதான் வேண்டாதது. ஐபோனில் Settings, General, Keyboard என்று போய் Auto-Correction என்பதை அணைக்கலாம். கூகல் விசைப்பலகையின் அமைப்புகளிலும் Auto-correction என்று இருக்கிறது. பரிந்துரை வரிசைக்கு இதனால் பாதிப்பில்லை. அணைக்க மனமில்லாத ஐபோன் பயனர்கள் ஒன்றைக் கவனிக்கலாம்: 2023இல் வந்த ஐஓஎஸ் 17 முதல், தானாக மாற்றப்பட்ட சொல்லின் கீழ் சிறிது நேரம் ஒரு கோடு தெரியும், அதைத் தொட்டால் நாம் அடித்த பழைய சொல் திரும்பக் கிடைக்கும். ஆனால் அதைப் பார்க்கக் கண் திரையின் மேல் இருக்க வேண்டும். பேத்தியின் கண்ணோ தாத்தா கால் வைக்கும் படியின் மேல் இருக்கிறது.

எழுத்துக்கூட்டல் தெரியாத பிள்ளைகளுக்கு இந்த வசதி துணையாயிற்றே என்று ஆசிரியர் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பரிந்துரையே அதற்குப் போதும். மூன்று சொற்களில் எது சரி என்று தேர்ந்தெடுக்கும்போதாவது பிள்ளை ஒரு நொடி அந்தச் சொல்லைப் பார்க்கிறது.

பெறுபவர் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. சாவு, விபத்து, பணம், இடமாற்றம் என்று எல்லாவற்றையும் புரட்டிப்போடும் செய்தி ஒற்றை வரியில் வந்தால், அதன் தொனியைப் பாருங்கள். இறப்பைச் சொல்பவர் எப்படி, எப்போது, எந்த மருத்துவமனை என்று ஏதாவது ஒன்றைச் சேர்த்தே சொல்வார். அடுத்தடுத்து வரிகள் வரும். "தாத்தா தாப்பா ரோட்டில் இறந்துட்டார், கார் வரச் சொல்லுங்க" என்று வந்தால், பின்பாதி முன்பாதியோடு ஒட்டவில்லை என்பது தெரியும். உடனே அந்த வரியைக் குழுவில் பகிராமல் அனுப்பியவரைக் கூப்பிட வேண்டும். தாப்பா ரோட்டு நிலைய மேடையில் நிற்கும் பேத்தி அழைப்பை எடுத்து, "கார் எங்கே, மாமா?" என்று கேட்பாள்.