உறைய வைத்த கரு 'ஆளா', இல்லையா? மதங்கள் கேட்பது ஒரே கேள்வி அல்ல!

2020 டிசம்பர். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஒரு மருத்துவமனை. அங்கே இருந்த நோயாளி ஒருவர், ஐ.வி.எஃப் கருக்களை உறைய வைத்திருந்த அறைக்குள் எப்படியோ நுழைந்துவிட்டார். சில கருக்களைக் கையில் எடுத்திருக்கிறார். அந்தக் கடுங்குளிரில் கை புண்ணாகிப்போக, அப்படியே கீழே போட்டுவிட்டார். மூன்று தம்பதிகளின் கருக்கள் அழிந்தன.

அந்தத் தம்பதிகள் தொடுத்த வழக்குதான் விஷயம். ஒரு குழந்தை பிறர் தவறால் இறந்தால் பெற்றோர் இழப்பீடு கேட்கலாம் என்கிற 1872-ம் ஆண்டுச் சட்டத்தை அவர்கள் கையில் எடுத்தார்கள். 2024 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. கருப்பைக்குள் இருந்தாலும் வெளியே இருந்தாலும் அது 'குழந்தை'தான் என்றது தீர்ப்பு. தலைமை நீதிபதி டாம் பார்க்கர், தனியாக எழுதிய கருத்தில் பைபிளையும் தாமஸ் அக்வினாஸையும் மேற்கோள் காட்டினார். பயந்துபோன சில சிகிச்சை மையங்கள் ஐ.வி.எஃப்-ஐயே நிறுத்தின. மூன்று வாரத்துக்குள் மையங்களுக்குப் பாதுகாப்பு தரும் புதுச் சட்டத்தை மாநில அரசு கொண்டுவர வேண்டியதாயிற்று.

சரி, ஐந்து நாள் வயதுள்ள, கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும் ஒரு கரு 'ஆள்' ஆகுமா? 'மதங்கள் எதிர்க்கும், அறிவியல் ஆதரிக்கும்' என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. மதங்கள் ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்வியிலிருந்து தொடங்குகின்றன.

'அது என்ன?'

கத்தோலிக்கத் திருச்சபை கேட்கும் கேள்வி இது. விந்தணுவும் சினைமுட்டையும் சேர்ந்ததுமே தாயும் அல்லாத, தந்தையும் அல்லாத ஒரு புது உயிர் உருவாகிறது. அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் வளர்ச்சிதான். 'நேற்று வரை ஆள் இல்லை, இன்று முதல் ஆள்' என்று நடுவில் எங்கே கோடு போட்டாலும் அது நாமாகப் போட்ட கோடு. அதனால் முதல் கணத்திலிருந்தே அதை ஓர் ஆளுக்குரிய மரியாதையோடு நடத்த வேண்டும் என்கிறது 1987-ல் வத்திக்கான் வெளியிட்ட 'டோனும் விட்டே' ஆவணம்.

ஆன்மா எந்த நொடியில் வருகிறது என்று திருச்சபை அறுதியிட்டுச் சொல்லவில்லை என்பதையும் கவனிக்கணும். அதன் வாதம் சந்தேகத்தின் மேல் நிற்கிறது. புதருக்குப் பின்னால் அசைவது மனிதனா மானா என்று தெரியாதபோது துப்பாக்கியைத் தூக்கலாமா? அக்வினாஸே, கருவுற்றுச் சில வாரங்கள் கழித்துத்தான் மனித ஆன்மா வருகிறது என்று கருதியவர். அதற்காக முன்கூட்டியே கலைக்கலாம் என்று அவர் சொல்லவில்லை.

இதற்கு வலுவான மறுப்பும் உண்டு. முதல் 14 நாள்கள் வரை ஒரு கரு இரண்டாகப் பிரிந்து இரட்டையர் ஆகலாம். அப்படியென்றால் அதற்கு முன் அங்கே இருந்தது எந்த 'ஆள்'? பிரிய முடியும் என்பதாலேயே முன்பு அது ஒன்றாக இல்லை என்று ஆகிவிடாது என்பது கத்தோலிக்க அறிஞர்களின் பதில்.

'அது எங்கே இருக்கிறது?'

யூத மரபு இன்னொரு வழியில் போகிறது. முதல் 40 நாள் வரை கரு 'வெறும் நீர்' போன்றது என்கிறது தல்மூது. அதற்குப் பிறகும்கூட, பிரசவத்தில் தாயின் உயிருக்கு ஆபத்து என்றால், குழந்தையின் பெரும்பகுதி வெளியே வரும்வரை தாயின் உயிருக்கே முதலிடம். ஆய்வகக் கரு இன்னும் கருப்பைக்குள்ளேயே போகவில்லை. யாராவது உள்ளே வைத்தால் ஒழிய அது தானாகக் குழந்தை ஆகப்போவதில்லை. அதனால் மிஞ்சிய கருக்களை ஆராய்ச்சிக்குத் தரலாம் என்று பல ரபிகள் அனுமதிக்கிறார்கள். ஆனால் ஆராய்ச்சிக்கென்றே கருவை உருவாக்குவது என்றால் அவர்களில் பலர் தயங்குகிறார்கள்.

நம் ஊர் ஆயுர்வேத நூலிலும் இந்த 'எங்கே' உண்டு. விந்து, கருமுட்டைக்கான தாயின் பங்கு, ஜீவன் மூன்றும் வயிற்றுக்குள் ஒன்றுசேரும்போதுதான் அதற்குக் 'கர்ப்பம்' என்று பெயர் என்கிறது சரக சம்ஹிதை. ஜீவன் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. ஆனால் இடம் கருப்பை. கர்ப்ப உபநிஷதமோ ஜீவன் ஏழாம் மாதத்தில் சேர்கிறது என்கிறது. ஆக, 'இந்து மதம் இப்படித்தான் சொல்கிறது' என்று யாராவது ஒரே பதிலை நீட்டினால், எந்த நூல் என்று திருப்பிக் கேட்கலாம்.

பௌத்தப் பாலி நூல்களும் தாய் வயிற்றில் முதல் உணர்வு எழும் கணத்திலிருந்து மனித உயிரைக் கணக்கிடுகின்றன. ஆய்வகத் தட்டில் அந்த உணர்வு எழுந்துவிட்டதா என்பதில் இன்றைய பௌத்த அறிஞர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை.

'எப்போது?'

இஸ்லாமிய விவாதத்தின் மையம் காலம். நாற்பது நாற்பது நாளாக மூன்று கட்டங்கள் கடந்து, 120-ம் நாளில் ஆன்மா ஊதப்படுகிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட ஹதீஸ் விளக்கம். 40 நாளை ஒட்டிச் சொல்லும் அறிவிப்பும் இருக்கிறது. ஆனால் 'ஆன்மா வரவில்லை, அதனால் மதிப்பில்லை' என்று இதைப் புரிந்துகொள்வது தவறு. கரு உருவானது முதலே அதைச் சிதைப்பது குற்றம், கட்டத்துக்குக் கட்டம் அந்தக் குற்றத்தின் கனம் கூடுகிறது என்றார் இமாம் கஸ்ஸாலி. மாலிகி சட்டப்பள்ளி 40 நாளுக்கு முன்பும் தடுக்கிறது.

உறைகரு பற்றி 1990-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி நேரடியாகவே முடிவு சொன்னது. தேவையான எண்ணிக்கைக்கு மட்டும் சினைமுட்டைகளைக் கருவாக்குங்கள். அப்படியும் மிஞ்சினால், எந்தச் சிகிச்சையும் தராமல் இயல்பாக முடிய விடுங்கள்.

நம் படிவத்தில் என்ன இருக்கிறது?

இது தூரத்து அமெரிக்கக் கதை இல்லை. இந்தியாவின் 2021-ம் ஆண்டு உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டப்படி, கருவை அதிகபட்சம் 10 ஆண்டுகள்தான் சேமிக்கலாம். பிறகு அதை அழிய விடவேண்டும், அல்லது தம்பதியின் சம்மதத்தோடு ஆராய்ச்சிக்குத் தரவேண்டும். இந்தச் சட்டம் கருவை ஆளாகப் பார்க்கவில்லை, வெறும் பொருளாகவும் பார்க்கவில்லை. பல நம்பிக்கைகள் உள்ள நாட்டில் அந்த நடுவழிதான் சரி என்பது என் கருத்து. ஒரு மதத்தின் பதிலை எல்லோருக்குமான சட்டமாக்கினால் என்ன ஆகும் என்பதை அலபாமா மூன்றே வாரத்தில் காட்டிவிட்டது.

ஆனால் சட்டம் பேசுவது கடைசிக் கட்டத்தைத்தான். கருவை ஆள் என்று நம்புகிறவருக்கும், ஆள் ஆகலாம் என்று நினைப்பவருக்கும் முக்கியமான கேள்வி முதல் கட்டத்தில் வருகிறது: எத்தனை கரு உருவாக்கப் போகிறோம்? ஐ.வி.எஃப்-ஐயே ஏற்காத வத்திக்கானும், தம்பதிக்குள் அதை ஏற்கும் ஜித்தா அறிஞர்களும் உபரிக் கரு விஷயத்தில் ஒன்றுபடுகிறார்கள்.

எண்ணிக்கையைக் குறைப்பதற்கும் விலை உண்டு. 2004-ல் இத்தாலி, ஒரு முறைக்கு மூன்று கருவுக்கு மேல் கூடாது, மூன்றையும் உள்ளே வைத்துவிட வேண்டும் என்று சட்டம் போட்டது. முதல் முயற்சி தோற்றால் பெண் மறுபடி ஹார்மோன் ஊசி, மறுபடி முட்டை எடுப்பு என்று ஆரம்பத்திலிருந்து தொடங்கணும். பெண்ணின் உடல்நலத்துக்கு ஆபத்து என்று 2009-ல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அந்த வரம்பை நீக்கியது. கருவைப் பற்றி மட்டும் யோசித்தவர்கள் அந்தக் கருவைச் சுமக்கப்போகிறவரை மறந்திருந்தார்கள்.

அதனால் இந்த முடிவு சட்டப் புத்தகத்தில் இருப்பதைவிட மருத்துவர் அறையில் இருப்பது நல்லது. முட்டை எடுப்பதற்கு முன்பே மருத்துவர் தம்பதியிடம் கேட்கட்டும்: எத்தனை முட்டையைக் கருவாக்கலாம், மிச்சத்தை முட்டையாகவே உறைய வைக்கலாமா, கரு மிஞ்சினால் உங்கள் மனசு எதை ஏற்கும்? சேமிப்புக் கட்டணம் கேட்டு மெசேஜ் வரும் நாளில் இதை யோசிக்கத் தொடங்கினால், உருவான கருக்கள் ஏற்கெனவே டேங்கில் இருக்கும்.