ட்ரைகிளிசரைடு பார்க்காமல் ஈஸ்ட்ரோஜன் வேண்டாம்

மாதவிடாய் ஒழுங்காக வராத இளம்பெண்ணுக்குக் கருத்தடை மாத்திரையும், மாதவிடாய் நின்றபின் உடம்பு கொதிக்கிறது என்று வருபவருக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரையும் எழுதித் தருவது அன்றாட வழக்கம். இரண்டும் பயனுள்ள மருந்துகளே. ஆனால் சர்க்கரை நோயோ, உடல் பருமனோ, பிசிஓஎஸ்ஸோ, பரம்பரையாக ரத்தக்கொழுப்போ இருக்கும் பெண்ணுக்கு ட்ரைகிளிசரைடு அளவைப் பார்க்காமல் இவற்றைத் தொடங்கக் கூடாது என்பது நம் உறுதியான கருத்து.

விழுங்கிய ஈஸ்ட்ரோஜன் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போகிறது. அங்கே அது எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து உறிஞ்சும் ஏற்பிகளைப் பெருக்குவதால், கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் குறைகிறது. எச்டிஎல்லைச் சிதைக்கும் நொதியை அடக்குவதால் நல்ல கொழுப்பு உயர்கிறது. அதே கல்லீரல், ட்ரைகிளிசரைடைச் சுமந்து செல்லும் துகள்களையும் அதிகமாக உற்பத்தி செய்யத் தொடங்குகிறது. அதனால் ஒரே மாத்திரையில் இரண்டு எண்கள் நல்ல பக்கம் நகர, மூன்றாவது எண் மட்டும் ஏறிக்கொண்டே போகலாம்.

கூடவே சேர்க்கும் புரோஜெஸ்டின் எது என்பதும் முக்கியம். அரசு வழங்கும் மாலா-என் மாத்திரையில் இருக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரலுக்கு ஆண் ஹார்மோன் சாயல் உண்டு. அது எச்டிஎல்லைக் குறைக்கும். ட்ரைகிளிசரைடு ஏறுவதையும் ஓரளவு தடுத்துவிடும். முகப்பருவுக்கும் பிசிஓஎஸ்ஸுக்கும் விரும்பி எழுதப்படும் சைப்ரோட்டரோன், ட்ரோஸ்பிரனோன் வகைகளில் அந்தச் சாயல் இல்லை. அதனால் ஈஸ்ட்ரோஜனின் விளைவு தடையின்றி வெளிப்படுகிறது. எச்டிஎல்லும் ஏறும், ட்ரைகிளிசரைடும் ஏறும்.

பிசிஓஎஸ் உள்ள, எடை கூடிய 29 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வெறும் வயிற்றில் ட்ரைகிளிசரைடு 420 மில்லிகிராம், யாரும் பார்க்கவில்லை. சைப்ரோட்டரோன் கலந்த மாத்திரை தொடங்குகிறார். 90 இருந்தவருக்கு 130 ஆனால் ஒன்றும் ஆகாது. இவருக்கு அப்படியல்ல. ட்ரைகிளிசரைடைக் கரைக்கும் நொதிக்கு ஓர் எல்லை உண்டு. 500-ஐ ஒட்டியே அது திணறத் தொடங்கும். அதன்பின் சாப்பாட்டில் வரும் கொழுப்பும் ரத்தத்திலேயே தேங்கி, அளவு ஆயிரத்தைத் தாண்டிவிடும். மேல் வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பரவும் வலி, ஓயாத வாந்தி: இது கணைய அழற்சி. சோதனைக் குழாயில் எடுத்த ரத்தத்தைச் சற்று நேரம் வைத்தால் மேலே தெளியும் நீர் பால்போல் வெளுத்திருக்கும். அந்தக் கொழுப்பே அமிலேஸ் பரிசோதனையைக் குழப்பி, அளவு சரியாக இருப்பதுபோல் காட்டவும் கூடும். வாயுத் தொல்லை என்று மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடும் ஆபத்து இங்கேதான். ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால், வழக்கமான சூத்திரத்தில் கணக்கிட்ட எல்டிஎல் எண்ணையும் நம்ப முடியாது.

மாதவிடாய் நின்றவர்கள் விஷயத்தில் வேறொரு தவறு நடந்தது. எல்டிஎல் குறைந்து எச்டிஎல் ஏறுகிறதே, இதயத்தைக் காக்கும் என்று பல ஆண்டுகள் ஹார்மோன் பரிந்துரைக்கப்பட்டது. 1998-இல் வெளியான ஹெர்ஸ் ஆய்வில் இதய நோயுள்ள 2,763 பெண்கள் பங்கேற்றனர். மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு எல்டிஎல் 11 சதவீதம் குறைவாகவும், எச்டிஎல் 10 சதவீதம் அதிகமாகவும் இருந்தன. மாரடைப்பு குறையவில்லை, முதல் ஆண்டில் கூடவே செய்தது. ரத்தம் உறையும் தன்மையை ஈஸ்ட்ரோஜன் கூட்டுவதை லிப்பிட் அறிக்கை காட்டாது. ஆகவே கொழுப்பைச் சரிசெய்வதற்காக ஹார்மோன் எழுதுவது தவறு. வெப்ப அலைக்காக எழுதுவது சரியே. ட்ரைகிளிசரைடு கூடியவருக்கு அதைத் தோலில் தடவும் ஜெல்லாகத் தரலாம். அது கல்லீரலை முதலில் தொடாமல் ரத்தத்தில் கலப்பதால் ட்ரைகிளிசரைடை ஏறக்குறைய உயர்த்துவதே இல்லை. கருப்பை இருப்பவருக்கு உடன் புரோஜெஸ்ட்டிரோனும் தேவை.

பரிசோதனையைக் கட்டாயமாக்கினால் கிராமத்துப் பெண்ணுக்குக் கருத்தடை எட்டாமல் போகும் என்ற கவலை நியாயமானது. ஆரோக்கியமான பெண்ணுக்கு லிப்பிட் பரிசோதனை அவசியம் இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடும். மாலா-என் வாங்க வருபவரைத் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை. அபாயக் குறிகள் உள்ளவர்களுக்கு மட்டும் கேட்கிறோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைக்கு எடுக்கும் ரத்தத்திலேயே இதையும் பார்த்துவிடலாம். 500-ஐத் தாண்டியவருக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கூடாது. காப்பர்-டியோ லெவோநார்ஜெஸ்ட்ரல் கருப்பைச் சாதனமோ போதும். 200-க்கும் 500-க்கும் இடையில் இருந்து, மாத்திரை தேவையென மருத்துவர் முடிவு செய்தால், ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபரிசோதனைத் தேதியைச் சீட்டிலேயே எழுதித் தர வேண்டும். மேல் வயிறு வலித்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்கு வரவேண்டும் என்பதையும் அதே சீட்டில் தமிழில் எழுத வேண்டும்.