"இன்னும் உயிரோடு இருக்கிற தீர்ப்பு" என்று சொல்லும் முன்

புதுச்சேரியில் ஒரு பேச்சு அவ்வப்போது தலைதூக்குகிறது. "தமிழ்நாட்டுச் சட்டத்தை நம் சட்டமன்றம் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாதென்று உச்ச நீதிமன்றமே 1967-இல் சொல்லிவிட்டது, ஷாமா ராவ் வழக்கு" என்பார்கள். "அது பழைய கதை, பிறகு தள்ளுபடி ஆகிவிட்டது" என்று உடனே ஒருவர் மறுப்பார். இருவருமே ஒரே தவற்றைச் செய்கிறார்கள். பின்னால் வந்த தீர்ப்பை இருவரும் படிக்கவில்லை.

முதலில் வழக்கு. 1965-இல் புதுச்சேரி சட்டமன்றம் விற்பனை வரிச் சட்டம் ஒன்றை இயற்றியது. சில மாற்றங்களுடன் மெட்ராஸ் பொது விற்பனை வரிச் சட்டம் 1959 இங்கும் செல்லும் என்றது. எந்த வடிவில் என்றால், இங்கே அமலுக்கு வரும் நாளுக்குச் சற்று முன்பு அது மெட்ராசில் இருந்த வடிவில். அமலுக்கு வரும் நாளைப் பிறகு அரசு அறிவிக்கும். அறிவித்த நாள் 1966 ஏப்ரல் 1. அதற்குள் மெட்ராசில் அந்தச் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. என்ன திருத்தம் வரும் என்று தெரியாமலே நம் உறுப்பினர்கள் அதற்கும் கை தூக்கியதாக ஆனது. ஐவர் அமர்வில் பெரும்பான்மையினர், இது தன் பொறுப்பை அடுத்த சட்டமன்றத்திடம் முழுவதுமாக ஒப்படைத்துவிட்ட செயல் என்று சொல்லி, சட்டத்தைச் செல்லாததாக்கினார்கள். இன்னொரு ஊரின் சட்டத்தை எடுத்ததே குற்றம் என்று சொல்லவில்லை. வரப்போகும் திருத்தங்களையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றதுதான் குற்றம்.

இனி பின்வரலாறு. 1973 டிசம்பரில் முடிந்த குவாலியர் ரேயான் வழக்கில் இதே வாதம் எழுந்தது. பதிவு பெறாத வணிகருக்கு மாநிலம் விட்டு மாநிலம் விற்கும் பொதுச் சரக்குகளுக்கு 10 சதவீதம் அல்லது அந்த மாநிலத்தின் உள்வரி, இதில் எது அதிகமோ அதுவே வரி என்று மத்திய விற்பனை வரிச் சட்டத்தின் 8(2)(b) பிரிவு சொன்னது. மாநிலம் நாளை உள்வரியை உயர்த்தினால் மத்திய வரியும் உயரும். ஷாமா ராவ் சொன்னபடி பார்த்தால் இதுவும் செல்லாதே என்று கேட்டார்கள். நீதிமன்றம் ஒப்பவில்லை. வரி ஏய்ப்பைத் தடுக்க வேண்டும் என்ற கொள்கையை நாடாளுமன்றம் தானே வகுத்துக்கொண்டது, விகிதத்தை மட்டும் மாநில விகிதத்தோடு இணைத்தது, புதுச்சேரியில் நடந்ததுபோல் முழு ஒப்படைப்பு இங்கே இல்லை என்றது.

இதைத்தான் வக்கீல்கள் "டிஸ்டிங்குவிஷ்டு" என்கிறார்கள். பழைய தீர்ப்பு ரத்தாகவில்லை, இந்த வழக்கின் நிலைமை வேறு, அவ்வளவுதான். ரத்து செய்திருக்கவும் முடியாது. 1967-இல் ஐந்து நீதிபதிகள், 1973-இலும் ஐந்து நீதிபதிகள். சம எண்ணிக்கை அமர்வு முந்தையதை ஒப்பவில்லை என்றால், பெரிய அமர்வுக்கு அனுப்பக் கேட்கலாம், தானே கவிழ்க்க முடியாது. ஆகவே "தள்ளுபடி ஆகிவிட்டது" என்பவர் பொய் சொல்கிறார். "அப்படியே இருக்கிறது" என்பவரும் பாதி மெய்தான் சொல்கிறார். இன்று அதன் பரப்பு குறுகிவிட்டது.

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். அங்கே சட்டம் என்றால் நெறிநூலின் பிரிவு எண்தான். நீதிபதி தன் தீர்ப்பால் பொது விதி வகுக்கக் கூடாதென்று சிவில் நெறிநூலின் 5-ஆம் பிரிவே தடுக்கிறது. ஆங்கிலேய முறையில் தீர்ப்பே சட்டம். எனவே அந்தத் தீர்ப்பு பிறகு என்ன ஆனது என்று பார்க்காதவன் பாதிச் சட்டத்தைத்தான் வைத்திருக்கிறான்.

எப்படிப் பார்ப்பது? இந்தியன் கானூன் தளத்தில் வழக்கைத் திறந்தால் Cited by என்று ஓர் எண் வரும். அதைத் தட்டினால் அந்தத் தீர்ப்பை எடுத்தாண்ட பின்னைத் தீர்ப்புகளின் பட்டியல். ஆனால் எடுத்தாண்டது எல்லாம் ஒப்புக்கொண்டது ஆகாது. எதிர்த்த வக்கீல் சொன்னதைக் குறிப்பிட்டாலும் பட்டியலில் சேரும். பட்டியலில் விடுபட்டவையும் இருக்கலாம் என்பதால் பெயரைக்கொண்டு மட்டும் நிற்காமல் அறிக்கை எண்ணையும் தட்டித் தேடுங்கள்:

```
"AIR 1967 SC 1480"
"Shama Rao" Pondicherry
```

முதலில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகளை எடுங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை நீதிபதிகள் என்று பாருங்கள். பிறகு பழைய பெயர் வரும் பத்தியையும் அதற்கு முன்பின் பத்திகளையும் படியுங்கள். அங்கே பேசுவது வக்கீலா நீதிபதியா என்று தெரிந்துகொள்ளுங்கள். தலைக்குறிப்பில் அச்சாகியிருக்கும் "பின்பற்றப்பட்டது" என்ற ஒற்றைச் சொல், தொகுப்பாசிரியர் எழுதியது. நீதிபதி எழுதியது அல்ல.

ஓய்வூதிய மனுவோடு பழைய தீர்ப்பின் நகலை இணைக்கும் நண்பர்களே, ஒன்று சொல்கிறேன். எதிர்த்தரப்பு அரசு வக்கீல் இந்த வேலையைச் செய்துவிட்டுத்தான் வருவார். நீங்கள் செய்யாமல் போனால், உங்கள் கையில் இருப்பதை அவரே உங்களுக்கு எதிராகப் படித்துக் காட்டுவார்.